ஒரு கூட்டத்துக்கு நாலு பெயர்

ஷர்மிளாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் போன மாதத்துக் காலண்டரைத் திறந்து வைத்திருந்தாள். அதில் ஒரு கூட்டத்தின் தலைப்பு: "ப்ரீஃபிங் – காரைக்கால்மேடு பஞ்சாயத்தார்." அந்த முதல் சொல்லை அழித்துவிட்டு "கன்சல்டேஷன்" என்று அடிக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்ய முடியாமல் இரண்டு டீயை ஆற விட்டிருந்தாள்.

நீலத்திரை சீஃபுட்ஸ் இறாலையும் கணவாயையும் சுத்தம் செய்து, உறைய வைத்து, கப்பலேற்றுகிற கம்பெனி. காரைக்கால்மேட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஷர்மிளா அங்கே ஆபீஸ் கோஆர்டினேட்டர். பெயர் பெரிசு, வேலை சிறிசு என்று அவளே சொல்லிக்கொள்வாள். மேனேஜர் நஸ்ருதீனின் காலண்டர் அவள் பொறுப்பில் இருந்தது. அவர் பெயரில் கூட்டம் போடுவாள், மாற்றுவாள், ரத்து செய்வாள். அழைப்பு போகும்போது அவர் பெயர்தான் போகும். அடித்தது யாருடைய விரல் என்று யாருக்கும் தெரியாது.

கூட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஆபீசில் தலைப்பைப் பார்த்துத்தான் ஆட்கள் சட்டையைச் சரி செய்வார்கள். "ஹடில்" என்று வந்தால் காலையில் ஐஸ் ரூம் வாசலில் நின்றபடியே அஞ்சு நிமிஷம். அதில் உட்கார்ந்தவனை யாரும் பார்த்ததில்லை. "ப்ரீஃபிங்" என்றால் நஸ்ருதீன் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கேள்வி கேட்கிறவனை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "கான்ஃபரன்ஸ்" என்றால் சென்னைக்காரர்கள் வீடியோவில் வருவார்கள், அன்றைக்கு மட்டும் பிஸ்கட் கிரீம் வைத்ததாக இருக்கும். "கன்சல்டேஷன்" அந்தக் காலண்டரில் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தது. நஸ்ருதீன் பல் டாக்டரிடம் போன நாள் அது.

போன மாதம் நடந்தது சந்தேகமில்லாமல் ப்ரீஃபிங். கம்பெனியின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து கடலில் விட ஒரு குழாய் போடப் போகிறார்கள். அது காரைக்கால்மேட்டுக் கரையில், படகுகளை இழுத்து ஏற்றுகிற இடத்தின் குறுக்கே போகும். மேலே கான்கிரீட் மூடி வரும். பஞ்சாயத்தார் ஐந்து பேரைக் கூப்பிட்டு நஸ்ருதீன் படம் போட்டுக் காட்டினார், சமோசா கொடுத்தார், அனுப்பி வைத்தார். "தகவல் சொல்லிட்டோம்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். வந்தவர்களில் தலைவர் அமிர்தலிங்கம் ஷர்மிளாவுக்குப் பெரியப்பா. சமோசாவைத் தொடாமல் எழுந்து போனவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கரையில்தான் அவள் அப்பா மணிவேலின் ஃபைபர் படகும் ஏறுகிறது. கான்கிரீட் மூடிமேல் படகை இழுத்தால் அடி பெயர்ந்து போகும் என்பது மேட்டில் நடை பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் ப்ரீஃபிங்கில் அதைச் சொல்ல இடமில்லை.

இப்போது வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்புகிற ஆள். குழாய் போடுவதற்கு முன் கரைக்காரர்களைக் கலந்தாலோசித்தீர்களா என்று கேட்பார். அழைப்பைக் காட்டு, வருகைப் பதிவைக் காட்டு, என்ன பேசினார்கள் என்று குறிப்பைக் காட்டு என்பார். அதற்குத்தான் சென்னை ஹெட் ஆபீசிலிருந்து தீபா மேடம் நேற்றே போன் செய்திருந்தாள். "தலைப்பை மட்டும் மாத்துங்க. ஸேவ் பண்ணும்போது கெஸ்ட்டுக்கு அனுப்பவான்னு கேட்கும். அனுப்பாதேன்னு கொடுங்க. முடிஞ்சுது."

நஸ்ருதீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பத்து வருஷம் ஜித்தாவில் குளிர்பதனக் கிடங்கு பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருப்பவன் சொன்னால் செய்ய வேண்டும், கீழே இருப்பவன் சொன்னால் பார்க்கலாம் என்று பழகிப்போனவர்.

"என்ன ஷர்மிளா, இன்னும் மாத்தலையா?"

"சார், அன்னைக்கு யாரும் வாயே தொறக்கலையே."

"ஒரு வார்த்தைதானே புள்ள."

"வார்த்தைதான் சார். ஆனா ஆடிட்டரு குறிப்பு கேப்பாருல்ல? யாரு என்ன கருத்து சொன்னாங்கன்னு கேட்டா என்ன காட்டுறது? நாம சொன்னதுதான் இருக்கு. அவங்க சொன்னது ஒண்ணுமே இல்லையே."

நஸ்ருதீன் நெற்றியைத் தேய்த்தார். அது நியாயமான கேள்வி, அதனால்தான் அவருக்கு எரிச்சல் வந்தது. ஷர்மிளா அதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். சொல்வதற்கு முன் அவள் யோசித்தாளா என்று கேட்டால், யோசித்தாள். இரண்டு டீயும் ஆறியது அதனால்தான்.

"பழசைத் தொட வேணாம் சார். புதன்கிழமை புதுசா ஒண்ணு போட்ருவோம். கன்சல்டேஷன்னே போடுவோம். அதே அஞ்சு பேரு. கேக்குறோம், சொல்றாங்க, எழுதிக்கிறோம். பொய்யில்லாம போயிடும்."

"அதே அஞ்சு பேருதானே?"

"அழைப்பு அஞ்சு பேருக்குத்தான் சார் போகும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இருந்தாலும் அவளுக்குக் காது சுட்டது.

ஏனென்றால் மேட்டில் கூட்டத்துக்கு வேறு கணக்கு. சேதி சொல்வதானால் யாராவது இரண்டு பேர் போய்க் கேட்டுக்கொண்டு வந்தால் போதும். கருத்துக் கேட்பதானால் அது ஊர்க்கூட்டம். ஊருக்குப் பதிலாகத் தலைவர் தனியாக ஒரு "சரி" சொல்லிவிட முடியாது. சொன்னால் மறுநாள் அவர் தலைவர் இல்லை. ஊர்க்கூட்டம் என்று மைக்கில் சொல்லிவிட்டால் அன்றைக்கு ஒரு படகும் இறங்காது. கேட்கிற நேரத்தில் ஒருவன் கடலில் இருந்துவிட்டு, என்னைக் கேட்கவில்லையே என்று பிறகு வந்து நிற்கக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். நஸ்ருதீன் டவுனில் பிறந்து வளர்ந்தவர், மீனை ஏலத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். அவருக்கு இது தெரியாது.

ஷர்மிளாவுக்குத் தெரியும். தெரிந்தே அடித்தாள்.

தலைப்பில் "கன்சல்டேஷன்" என்று போட்டாள். கீழே விவரத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்தாள்: "குழாய் பற்றி உங்கள் கருத்தைக் கேட்டறிந்த பிறகே முடிவு எடுக்கப்படும்." நஸ்ருதீன் போனில் யாரிடமோ ஐஸ் வண்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார், அல்லது படித்த மாதிரி கண்ணை ஓட்டினார். ஆடிட்டருக்கு நல்லாருக்கும் என்று கட்டை விரலைக் காட்டினார். அவள் அனுப்பு என்பதை அழுத்தினாள். பெரியப்பாவுக்கு மெயில் கிடையாது. அவருடைய மகன் முகிலனின் முகவரிதான் பட்டியலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகிலன் "வருகிறோம்" என்று பதில் கொடுத்திருந்தான். எத்தனை பேர் என்று அதில் கேட்கிற வசதி இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே கோயில் மைக் பேசிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஊர்க்கூட்டம், நீலத்திரை கம்பெனியில், யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. காற்றும் ஒரு நிலையில் நில்லாமல் அடித்தது. குரல் கிட்டே வந்தது, தள்ளிப் போனது. மணிவேல் வாசலில் வலைக்கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போட்ட அழைப்பாமே?"

"சார் போட்டதுப்பா."

"முகிலன் படிச்சுக் காட்டினான். கேட்ட பொறவுதான் முடிவுன்னு போட்ருக்கு. நெசமா?"

அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். நிஜமா? அந்த வரியை எழுதியது அவள். அதற்குத் தலையாட்டியவர் படிக்கவே இல்லையோ என்னவோ. நாளைக்கு முழுசாக ஒரு ஊர், ஒரு நாள் மீன்பாட்டை விட்டுவிட்டு, அவள் அடித்த ஒரு வரியை நம்பி நடந்து வரப் போகிறது. கணவாய் நல்லா விழுகிற நேரம் இது. வந்தவர்களிடம் நஸ்ருதீன் வழக்கம்போல் படம் போட்டுக் காட்டிச் சமோசா நீட்டினால்? வேலை போனால்கூடப் பரவாயில்லை, அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது?

நஸ்ருதீனுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமா என்று எடுத்தாள். சார், அஞ்சு பேர் இல்லை, ஊரே வருது. சொன்னால் அவர் ரத்து செய்யச் சொல்வார். ரத்து செய்யவும் அவள்தான் அழுத்த வேண்டும். போனை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்ததில் மணிவேல், "பூனை மாதிரி சுத்தாதடி, கண்ணு வலிக்குது" என்றார். கடைசிவரை அவள் போன் செய்யவில்லை. அது தைரியமா கோழைத்தனமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் நஸ்ருதீன் ஆறு நாற்காலி போட்டு வைத்திருந்தார். சமோசா வந்திருந்தது. காலையிலிருந்து ஏன் ஒரு மீன் வண்டியும் வரவில்லை என்று மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார். "கடல்ல என்னமும் காத்தா?" ஷர்மிளா, "தெரியல சார்" என்றாள். அந்த நாளில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பிறகு கேட்டுக்கு வெளியே சத்தம் கேட்டது. கோஷம் இல்லை, கூச்சல் இல்லை, வெறும் காலடிச் சத்தம். முன்னால் அமிர்தலிங்கம் வெள்ளைச் சட்டையில் வந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சாயத்தார், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், அதற்கும் பின்னால் கருவாடு காயப்போடுகிற பெண்கள். சாலை வளைவு வரைக்கும் ஆட்கள் தெரிந்தார்கள். காவலாளி கேட்டைத் திறப்பதா மூடுவதா என்று கையைக் கேட்டில் வைத்தபடி நின்றுவிட்டான்.

"யா அல்லாஹ்" என்றார் நஸ்ருதீன். "யாரும்மா இவங்கள்லாம்?"

"ஊரு சார்."

"அஞ்சு பேருன்னுதானே சொன்னே?"

"கருத்துக் கேக்குறோம்னு போட்டோம் சார். கேட்டா எங்கூர்ல எல்லாரையும்தான் கேக்கணும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபத்தை விட, தோணித்துறையில் ஏமாந்த வியாபாரியின் திகைப்புதான் அதிகம் இருந்தது. அதற்குள் வந்தவர்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். வண்டிகள் நின்று மீன் இறக்குகிற சிமெண்டுத் தளம் முழுக்க, சப்பணமிட்டு, வரிசையாக. இன்றைக்கு அந்தத் தளம் காய்ந்து கிடந்தது. மணிவேலும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்தார். மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார்.

அமிர்தலிங்கம் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேக்குறோம்னு எழுதியிருந்தீங்க. வந்துருக்கோம். கேளுங்க பாய்."

நஸ்ருதீன் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். படம் போடுகிற கருவி உள்ளே இருந்தது; அதைக் கொண்டுவந்து இத்தனை பேருக்கு எந்தச் சுவரில் காட்டுவது? அவர் ஏதோ தொடங்கினார், நிறுத்தினார், சட்டைப் பையைத் தடவினார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் அவர் இதுவரை கேட்டதே இல்லை.

"குழாய்... உங்க கரையில குழாய் போடலாமா?"

அமிர்தலிங்கம் ஊர்ப் பக்கம் திரும்பி அதையே ஒரு தடவை சத்தமாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். கான்கிரீட்டில் அடி பெயர்வதை ஒருவர் சொன்னார். ஒரு பெண், குழாய் வருகிற இடத்தில்தான் கருவாடு காய்கிறது, அதில் கம்பெனித் தண்ணீர் கசிந்தால் நீங்க வாங்குவீங்களா என்று கேட்டாள். மணிவேல் எழுந்து, தெற்கே தள்ளி, படகு ஏறாத பக்கம் மணல் கிடக்கிறது, குழாய் நீளம் கூடும் ஆனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசவில்லை. ஷர்மிளா படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் அத்தனையையும் அடித்தாள். அப்பா பெயரை அடிக்கும்போது மட்டும் ஒரு எழுத்து தப்பி, அழித்து அடித்தாள்.

அப்போதுதான் நஸ்ருதீனின் போன் அடித்தது. தீபா மேடம். பக்கத்துக் கட்டிடத்திலிருந்து யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் நஸ்ருதீனின் காலண்டரையும் பார்த்திருக்கிறாள். நஸ்ருதீன் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே வைத்திருந்தார். அவ்வளவு சத்தம்.

"பழசோட தலைப்பைத்தானே மாத்தச் சொன்னேன்? கன்சல்டேஷன்னு புதுசா ஒண்ணு யார் போடச் சொன்னது? அதுல முடிவுன்னு வேற ஒரு வரி! நாளைக்கு ஆடிட்டர் இதைப் பார்த்தா, இவங்க சொன்னதைக் கேட்டுத்தான் ஆகணும்பார். உடனே ஹடில்னு மாத்துங்க. சும்மா வந்தாங்க, பேசினோம், போனாங்க. அந்த வரியை எடுத்துடுங்க. அப்டேட் அனுப்பக் கூடாது. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்."

நஸ்ருதீன் போனை இறக்கினார். ஷர்மிளாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் கூட்டத்தைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், காய்ந்த தளத்தைப் பார்த்துச் சொன்னார். "மாத்திரு."

அவள் காலண்டரைத் திறந்தாள். கன்சல்டேஷனை அழித்து ஹடில் என்று அடித்தாள். விவரத்திலிருந்த வரியையும் எடுத்தாள். சொன்னதைச் செய்தாயிற்று. திரை கேட்டது: விருந்தினர்களுக்கு மாற்றத்தைத் தெரிவிக்கவா? இரண்டு பொத்தான்கள். நாலு தப்படி தள்ளி அவள் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. இதை இவர்களுக்குத் தெரியாமல் செய்தால், இனி ஊர்த் தெருவில் நடக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவளுக்கு அழுகை முட்டியது.

அனுப்பு என்பதை அழுத்தினாள்.

வரிசையில் ஒரு போன் "டிங்" என்றது. பிறகு பஞ்சாயத்தார் பக்கம் இன்னும் இரண்டு. முகிலன் போனை எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். எழுந்து நின்றான்.

"அப்பா, அழைப்பை மாத்திட்டாங்க. இப்ப ஹடில்னு போட்ருக்கு. கேட்ட பொறவு முடிவுங்கிற வரியக் காணோம்."

அமிர்தலிங்கம் கோபப்படவில்லை. நஸ்ருதீனிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"அது என்ன பாய், ஹடிலுன்னா?"

நஸ்ருதீன் ஷர்மிளாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைக்காமல் அவரையே பார்த்தாள். உன் பெயரில் போன அழைப்பு, நீயே சொல் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பத்து வருஷம் ஜித்தாவிலும் ஆறு வருஷம் இங்கேயுமாக எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லிச் சமாளித்தவர், இதற்கு ஒரு பொய் தேடினார். கிடைக்கவில்லை.

"நின்னுக்கிட்டே அஞ்சு நிமிஷம் பேசிட்டுக் கலையறதுங்க" என்றார்.

அமிர்தலிங்கம் தளம் முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டினார். ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாங்க உக்காந்துல்ல இருக்கோம்" என்றார்.

நஸ்ருதீனின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது. தீபா மேடத்தின் பெயர் மின்னியது. அவர் அதைப் பார்த்தார், காத்திருக்கிறவர்களைப் பார்த்தார். சமோசாத் தட்டு ஈ மொய்த்துக் கிடப்பதையும் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"மேடம், வேற ஆள் பார்க்கிறதா இருந்தா என்னைய மொதல்ல பாருங்க. அழைப்பு என் பேர்லதான் போயிருக்கு. நான்தான் கேட்டேன், இவங்க சொல்லிட்டாங்க. நாளைக்கு ஆடிட்டர் வரட்டும், இதையே காட்டுறேன்."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பேன்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துக்கொண்டு, சிரமப்பட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அமிர்தலிங்கமும் நாற்காலியை விட்டுவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கன்சல்டேஷன்னே திரும்பப் போடு ஷர்மிளா. அந்த வரியையும் போடு" என்றார் நஸ்ருதீன். "எல்லாருக்கும் அனுப்பு."

அவள் அடித்தாள். அனுப்பினாள். வரிசையில் முகிலனின் போன் மறுபடி "டிங்" என்றது. அவன் படித்துவிட்டு, ஊருக்குச் சொல்லாமல் அப்பாவுக்கு மட்டும் தலையசைத்தான்.

வருகைப் பதிவுத் தாளில் ஆறு கட்டம்தான் அச்சடித்திருந்தது. ஷர்மிளா உள்ளே போய் வெள்ளைத் தாள் கட்டு ஒன்றை எடுத்து வந்து முதல் வரிசையில் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறிப் பின்னால் போயிற்று. மணிவேலிடம் வந்தபோது அவர் பேனாவை வாங்கி, கொஞ்சம் யோசித்து, பெயரை முழுசாக எழுதினார்.